உக்கார வெச்சு பார்த்த ஷூ

திருமழிசை எஸ்டேட்ல ஒரு கம்பெனில நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வண்டிக்குப் போற சின்னச் சின்ன பார்ட்டுங்கள அளந்து பாத்து, முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் செவப்பு பெயிண்ட் அடிச்சு ஓரமா தள்றதுதான் என் வேலை. இருபத்திரெண்டு வருஷமா இதையே பண்றேன். இப்படிப்பட்ட ஆளு வீட்ல, பொண்ணு காலுக்கும் ஷூவுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் ஏழு மாசமா எனக்குத் தெரியல. இத ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல. இங்கதான் மொதல்ல சொல்றேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நாலு பேர் சேர்ந்தா ஒரு ஜோக் அடிச்சாகணும். கல்யாண வீட்ல, கரண்டு ஆபீஸ் க்யூல, ஒரு தடவ சாவு வீட்ல கூட. என் பொண்டாட்டி வெளிய கிளம்பும்போதே சொல்லுவா, "வாய வீட்லயே வெச்சுட்டு வாங்க"ன்னு.

அன்னிக்கு அவ கூட வரல. ஜூன் மாசம், ஸ்கூல் தொறக்க நாலு நாள் இருக்கு. பூந்தமல்லி ஷூ கடைல நிக்க எடமில்ல. ஊர்ல இருக்கிற அத்தன அப்பா அம்மாவும் "வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசா குடுங்க"ன்னு கத்திக்கிட்டு இருக்காங்க. என் பொண்ணு எட்டாவது போறா, பதிமூணு வயசு. போன வருஷம் மூணாம் நம்பர் போட்ட புள்ள. கடைல வேலை செய்ற அக்கா நாலு எடுத்துக் குடுத்தாங்க, உள்ள போகல. அஞ்சு எடுத்தாங்க, சரியா உக்காந்துச்சு. கருப்பு பக்கிள் ஷூ ஒண்ணு, ஓடுறதுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ, ரெண்டும் அஞ்சு.

ஒரே வருஷத்துல ரெண்டு நம்பர். நான் அந்தக் கருப்பு ஷூவ கைல தூக்கிப் புடிச்சேன். சுத்தி முப்பது பேர். விடுவேனா?

"இன்னாடி இது, ஷூவா, போட்டா? செம்பரம்பாக்கம் ஏரில வுட்டா ரெண்டு பேர் உக்காந்து போலாம் போல கீதே!"

கடையே சிரிச்சுச்சு. கடைக்கார அக்கா கூட வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. எதிர் பெஞ்சுல ஒரு பையன் அவங்கம்மாவோட உக்காந்து சாக்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தான். அவன்தான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்சான். என் பொண்ணும் லேசா சிரிச்சா. அவ சிரிச்சான்னுதான் நான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எங்க வீட்ல ஷூ இன்ஸ்பெக்‌ஷன். இந்த வயசுல காலு மொதல்ல வளரும், அப்புறம்தான் ஆள் வளரும்னு எங்கயோ படிச்சேன். அதனால ஞாயித்துக்கெழம, டிபன் முடிஞ்சதும், பொண்ண சோபால உக்கார வெப்பேன். ஷூ ரெண்டையும் மாட்டச் சொல்லுவேன். கீழ மண்டி போட்டு, ஷூ முனைல கட்டைவிரலால அமுக்கிப் பாப்பேன். பெருவிரலுக்கு முன்னாடி என் கட்டைவிரல் அகலத்துக்கு எடம் இருந்தா பாஸ். இல்லன்னா புது ஷூ.

ஆகஸ்ட்ல அமுக்கினேன். எடம் இருந்துச்சு. பாஸ்.

அக்டோபர்ல அமுக்கினேன். எடம் இருந்துச்சு. பாஸ்.

டிசம்பர்லயும் எடம் இருந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. "பாத்தியா, என் செலக்‌ஷன் அப்படி. ஆறு மாசமா அதே ஷூ"ன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன்.

அவ பொண்ணோட பாவாடை விளிம்ப மடிப்பு பிரிச்சு எறக்கிக்கிட்டு இருந்தா. "உடம்பு வளருது, காலு மட்டும் எப்படிங்க அப்படியே இருக்கும்?"னு கேட்டா.

"அளந்து பாத்துட்டேன்மா. அளக்கறது என் தொழில்."

"ஆமா, பெரிய தொழில்"னு ஊசில நூல் கோத்தா.

இதுக்கு நடுவுல இன்னொரு கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் பொண்ணு ரன்னர். அஞ்சாவதுல இருந்து ஸ்கூல் ரிலே டீம்ல கடைசி லெக், ஓடி முடிக்கறது, அவதான். குச்சிய கைல வாங்கினான்னா நாய் தொரத்துற மாதிரி ஓடுவா. வேற எதுலயும் அவ்வளவு ஆசையா நான் அவளப் பாத்ததில்ல. பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூலுக்கு ஸ்கூல் போட்டி. அதுக்கு டீம் எடுக்க ஓட விட்டிருக்காங்க. மொத நாலு பேர் டீம்ல. என் பொண்ணு ஆறாவது.

வீட்டுக்கு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு ரூமுக்குள்ள போய்ட்டா. சாப்பிடல. அவங்க பி.டி. மிஸ் எனக்கு போன் பண்ணாங்க. "சார், இவ ஆறாவது வர்ற புள்ள இல்ல. மொத முப்பது மீட்டர் நல்லா ஓடுறா, அப்புறம் கால எங்க வெக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு ஓடுற மாதிரி ஓடுறா. ஏதாவது வலியான்னு கேட்டா இல்லங்கறா. அடுத்த வெள்ளிக்கெழம இன்னொரு தடவ ஓட விடறேன். அதுலயும் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நான் உடனே காரணம் கண்டுபுடிச்சேன். ஒண்ணு இல்ல, மூணு. சத்து பத்தல, செல்போன் பாக்கறா, தூக்கம் கொறைவு. மறுநாள் காலைல ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ரெண்டு வாழப்பழம். பொண்ணு தட்டப் பாத்தா, என்னப் பாத்தா.

"ப்பா, நான் ஓடணுமா, உருளணுமா?"

"ஷூ ஏதாவது புடிக்குதா?"ன்னு அவங்கம்மா கேட்டா.

"இல்ல." டக்குனு பதில் வந்துச்சு. கொஞ்சம் ரொம்பவே டக்குனு.

"அதான் நான் பாத்துட்டேனே"ன்னு நானும் சேர்ந்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம ஷூ தொவைக்கிற வேலை என் தலைல விழுந்துச்சு. மொட்டை மாடில ஒரு பக்கெட், பழைய பிரஷ். ஸ்போர்ட்ஸ் ஷூவ ஊற வெக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சோல் அட்டைய உருவி எடுத்தேன். வெயில்ல புடிச்சேன். அப்படியே உக்காந்துட்டேன்.

எங்க கம்பெனில ஒரு பார்ட் திரும்பி வந்தா, மொதல்ல தேய்மானத்ததான் பாப்போம். எங்க தேஞ்சிருக்கு, எங்க அழுத்தம் விழுந்திருக்குன்னு பாத்தாலே கதை தெரிஞ்சிடும். அந்த அட்டையில அஞ்சு விரலுக்கும் அஞ்சு குழி இருக்கணும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்தமான எடம் இருக்கணும். இதுல முன்னாடி எடமே இல்ல. பெருவிரல் குழி விளிம்பத் தாண்டி இருந்துச்சு. மத்த குழி எல்லாம் வட்டமா இல்ல. ஆழமா, குறுகலா, நகத்தால கீறின மாதிரி. விரல மடக்கி மடக்கி ஊனின குழி. ஷூவுக்குள்ள கைய விட்டா, முன்பக்கத் துணி ரெண்டாவது விரல் படுற எடத்துல நைஞ்சு நூல் நூலா இருந்துச்சு.

கருப்பு ஷூவயும் எடுத்துப் பாத்தேன். பின்பக்கம் மிதிபட்டு மடங்கி இருந்துச்சு. இத்தன நாளா அத சோம்பேறித்தனம்னு திட்டிக்கிட்டு இருந்தேன். பாவம், பின்னாடி எடம் தேடி இருக்கா.

அப்ப என் கட்டைவிரல் அமுக்கினப்போ இருந்த எடம்?

கீழ எறங்கி வந்தேன். பொண்ணு ஹால்ல படிச்சுக்கிட்டு இருந்தா. அட்டைய அவ முன்னாடி வெச்சேன். எனக்கு ஒண்ணும் சொல்ல வரல, அதுவே எங்க வீட்ல பெரிய விஷயம்.

அவ அட்டையப் பாத்தா. புத்தகத்த மூடினா.

"நான் அமுக்கும்போது விரல மடக்கிக்கினியா?"

தலைய ஆட்டினா.

"ஏன்டா?"

குனிஞ்சு சாக்ஸக் கழட்டினா. இடது கால் ரெண்டாவது விரல் நகம் கருப்பு. பெருவிரல் ஓரம் செவந்து வீங்கி இருந்துச்சு. சமையக்கட்டுல இருந்து வந்த அவங்கம்மா "அய்யோ"ன்னு கீழ உக்காந்துட்டா.

"கிளாஸ்ல என்ன 'போட்டு'ன்னுதான்ப்பா கூப்பிடறாங்க"ன்னா. "நீ கடைல சொன்னல்ல. அன்னிக்கு அங்க என் கிளாஸ் பையன் இருந்தான். ஸ்கூல் தொறந்த மொத நாளே எல்லாருக்கும் சொல்லிட்டான். அஞ்சுக்கே போட்டுன்னா, ஆறு, ஏழு ஆச்சுன்னா? மறுபடி உன்கூட கடைக்கு வரணும். மறுபடி நீ ஏதாவது சொல்லுவ. அதான்."

அவ அழல. கோபமா கூட சொல்லல. டைம்டேபிள் படிக்கிற மாதிரி சொன்னா. எனக்குத்தான் எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. ஏழு மாசமா இந்தப் புள்ள தெனம் விரல மடக்கி ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்திருக்கு. எதுக்கு? முப்பது பேர் அஞ்சு செகண்ட் சிரிச்சதுக்கு.

பொண்டாட்டி என்னத் திட்டுவான்னு பாத்தேன். திட்டல. என்ன ஒரு பார்வ பாத்தா. திட்டியிருந்தா தேவலாம்.

அன்னிக்கு மத்தியானமே ஆவடில ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். "இது ஷூ முட்டி ரத்தம் கட்டினது. நகம் தானா வளர்ந்து தள்ளிடும். பெருவிரல் நகத்த ஓரத்துல வளைச்சு வெட்டாதீங்க, நேரா வெட்டுங்க. மொதல்ல ஷூவ மாத்துங்க"ன்னாரு. ஓடலாமான்னு பொண்ணு கேட்டா. எடம் இருக்கற ஷூ போட்டு, வலி இல்லன்னா ஓடுன்னாரு.

சாயந்தரம் அதே பூந்தமல்லி கடை. சாயந்தரம் போனது ப்ளான் பண்ணி இல்ல, ஆனா அதுதான் சரியாம். நாள் பூரா நடந்தா காலு கொஞ்சம் உப்பும், அப்ப அளவெடுத்தாதான் எப்பவும் புடிக்காதுன்னு கடைக்கார அக்கா சொன்னாங்க. ஜனவரி மாசம், கடைல ஒரு ஈ காக்கா இல்ல. அக்கா என்னப் பாத்ததும் முகம் மலர்ந்து, "வா சார்! ஏரில போட்டு வுட்ற சார்தானே நீ?"ன்னாங்க.

என் பொண்ணு தரையப் பாத்தா. ஏழு மாசம் கழிச்சும் என் ஜோக் உயிரோட இருக்கு. ஒரு ஜோக்கருக்கு இதவிட பெரிய மரியாதை கெடையாது.

"அக்கா, அது தப்பா சொல்லிட்டேன். புள்ளைக்கு கால் அளவு பாக்கணும்."

அக்கா பொண்ணு காலப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. சிரிப்ப நிறுத்திட்டாங்க. மரத்துல செஞ்ச அளவு பலகை ஒண்ணு எடுத்துட்டு வந்து தரைல போட்டாங்க. பொண்ணு பெஞ்சுல உக்காந்து கால நீட்டினா.

"எழுந்து நில்லு கண்ணு. ரெண்டு கால்லயும் நல்லா ஊனி நில்லு."

"நான் வீட்ல உக்கார வெச்சுதான் பாப்பேன்"னு நான் வாய விட்டேன்.

"உக்காந்தா காலு சின்னதா கீது சார். எழுந்து நின்னு, மொத்த வெயிட்டும் எறங்குனாதான் காலு நீளும், அகலும். விரல மடக்கவும் முடியாது. உக்கார வெச்சு அமுக்குனா இன்னா தெரியும் உனுக்கு?"

இருபத்திரெண்டு வருஷ குவாலிட்டி. லோடு போடாம பார்ட்ட அளந்தா எங்க கம்பெனில என் சீட்டு கிழிஞ்சிருக்கும்.

ரெண்டு காலயும் தனித்தனியா அளந்தாங்க. இடது கொஞ்சம் பெருசு. "பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்கணும்"னாங்க. அப்புறம் இன்னொண்ணு காட்டினாங்க. என் பொண்ணுக்குப் பெருவிரல விட ரெண்டாவது விரல் நீளம். "நீ பெருவிரலுக்கு முன்னாடி அமுக்கி கீற. இந்தப் புள்ளைக்கு அளவு இங்க ஆரம்பிக்குது." அவ விரல மடக்காம இருந்திருந்தாலும் நான் தப்பாத்தான் பாத்திருப்பேன்.

"இன்னாக்கா நம்பர்?"னு பொண்ணு மெதுவா கேட்டா.

"ஏழு, கண்ணு."

கடைல யாரும் சிரிக்கல. அக்கா தொடர்ந்தாங்க, "ஆனா பக்கிள் மாடல் எங்க கடைல ஆறு வரைக்கும்தான். ஏழுல பசங்க போடற லேஸ் மாடல்தான் கீது."

பொண்ணு முகம் விழுந்துடுச்சு. எனக்கு வாய் அரிச்சுது. ஏதாவது சொல்லி அவள சிரிக்க வெக்கணும். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். ரெண்டு மூணு ஜோக் தொண்டை வரைக்கும் வந்துச்சு. எல்லாமே கால் பத்தி. முழுங்கிட்டேன். அதுக்கு பதிலா என் ஷூவக் கழட்டி, சாக்ஸோட அந்தப் பலகை மேல ஏறி நின்னேன்.

"எனக்கும் பாருங்கக்கா. நான் எட்டு."

"யாரு சொன்னது?"

"காலேஜ் படிக்கும்போது எங்கப்பா வாங்கினாரு. அதுல இருந்து எட்டுதான்."

அக்கா குனிஞ்சு பாத்தாங்க. "சார், நீ ஒம்பதுக்கு மேல. இன்னா சார், இத்தினி வருஷமா எப்படி நடந்துகினு கீற? அதோட இங்க பாரு, உனுக்கும் ரெண்டாவது விரல் நீளம்."

சாக்ஸ்ல ஓட்டை வேற. அந்த ரெண்டாவது விரல் வெளிய தலைய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

என் பொண்ணு அந்த விரலப் பாத்தா. தன் விரலப் பாத்தா. "ப்பா"ன்னா. "நான் போட்டுன்னா நீ கப்பல்ப்பா. ஹார்பர்லதான் நிறுத்தணும்."

அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. ஆமா, இப்படித்தான் இருக்கும் போல.

அப்புறம் வேலை சுலபமா நடந்துச்சு. லேஸ் மாடல் ஏழு அவளே எடுத்துப் போட்டுப் பாத்தா. கண்ணாடில ரெண்டு பக்கமும் திரும்பி, "பரவால்ல, இதுல ஓடவும் செய்யலாம்"னா. ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு அவ மொதல்ல கை வெச்சது கணுக்கால் வரைக்கும் உசந்த, ஆரஞ்சு கலர்ல பளபளன்னு இருந்த ஒண்ணு. அக்கா அத வாங்கி உள்ள வெச்சாங்க. "இது பேஸ்கட்பால் ஆடறதுக்கு. வெயிட்டு. உனுக்கு ஓடணும்ல?" லேசா, விரலுக்குக் கீழ மடங்குற எடத்துல மட்டும் மடங்குற ஒண்ணக் குடுத்தாங்க. ஓடும்போது போடற தடி சாக்ஸோட போட வெச்சாங்க. நிக்க வெச்சு அமுக்கினாங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் எடம். குதிகால் தூக்கினா கழண்டு வரல.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒம்பதா குடுங்களேன், ரெண்டு வருஷம் வரும். முன்னாடி பஞ்சு வெச்சுக்கலாம்"னேன்.

"பஞ்சு வெச்சுகினு ஓடுனா குதிகால் உள்ள வழுக்கும், கொப்புளம் வரும், தடுக்கி வுழும்"னு அக்கா சொன்னாங்க. "ஏழு வாங்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா இட்டுகினு வா, நான் சும்மாவே பாத்துச் சொல்றேன். நீ பாக்காத."

கடைசி வார்த்தைய அழுத்தித்தான் சொன்னாங்க.

கடை வாசல்ல பொண்ணு ரெண்டு தடவ ஓடிக் காட்டினா. ஆட்டோக்காரரு ஒருத்தர் வண்டிய நிறுத்தி வழி விட்டாரு. திரும்பி வரும்போது அவ காலப் பாத்து ஓடல. நேரா பாத்து ஓடினா. எனக்கு அந்த ஒரு விஷயம் போதும் போல இருந்துச்சு.

அந்த வாரம் பூரா வீட்டுக்குள்ளயே புது ஷூவப் போட்டுக்கிட்டு நடந்தா. ரெண்டு நாள் கிரவுண்ட்ல மெதுவா ஓடிப் பாத்தா. வெள்ளிக்கெழம நான் ஷிஃப்ட்ல இருந்தேன். வெர்னியர கைல புடிச்சுக்கிட்டு ஒரே பார்ட்ட மூணு தடவ அளந்தேன், மூணு தடவயும் வேற வேற அளவு வந்துச்சு. சாயந்தரம் நாலரைக்கு பொண்ணு அவங்கம்மா போன்ல இருந்து கூப்பிட்டா.

"ப்பா, நாலாவது. கொஞ்சம் விட்டிருந்தா அஞ்சாவதுதான். டீம்ல இருக்கேன். ஆனா கடைசி லெக் இல்ல, ரெண்டாவது லெக்."

"பரவால்லடா."

"பரவால்லதான்"னா. அப்புறம், "வலிக்கலப்பா"ன்னா.

நான் போன வெச்சுட்டு பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வந்தேன். பக்கத்து டேபிள்காரன் "இன்னா அண்ணாத்தே, கண்ணு செவந்துகீது?"ன்னான். ஆயில் பட்டுடுச்சுன்னு சொன்னேன்.

போட்டில அவங்க டீம் மூணாவது வந்துச்சு. கிளாஸ்ல இன்னும் ரெண்டு பேர் போட்டுன்னுதான் கூப்பிடறாங்களாம். "நல்ல வேகமான போட்டுன்னு சொல்லிட்டேன்"னு ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கிட்டே சொன்னா. அது அவளுக்கு எவ்வளவு தூரம் சரியாகிடுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் ஆரம்பிச்சு வெச்சது, அவ தனியா சுமக்கறா. ஆனா எங்கூட எங்க வேணா வர்றா, கடைக்குக் கூட.

போன ஞாயித்துக்கெழம ஏப்ரல் இன்ஸ்பெக்‌ஷன். கடைக்கார அக்கா வேணாம்னு சொன்னாலும் எங்களுக்கு அது பழகிடுச்சு. இப்ப பொண்ணு நின்னுக்கிட்டு இருப்பா. விழாம இருக்க என் தலை மேல கைய வெச்சுக்குவா. நான் ரெண்டாவது விரலுக்கு முன்னாடி அமுக்கினேன். கட்டைவிரல் அகலத்துல பாதிக்கு மேல எடம் இருந்துச்சு. "ஜூன்ல போய் அக்காகிட்ட காட்டலாம்"னேன்.

"சரி, இப்ப நீ"ன்னா.

"நான் என்ன?"

"உன் ஷூவ மாத்தினியா? அக்கா ஒம்பதுக்கு மேலன்னாங்களே."

மாத்தல. இருபத்தஞ்சு வருஷப் பழக்கம், இன்னும் நல்லாத்தான் இருக்கு, எனக்கு எதுக்கு இப்ப புதுசுன்னு ஏதேதோ சொன்னேன். அவ கேக்கல. ஆபீஸ் ஷூவ எடுத்துட்டு வந்து போட்டா. நான் சோபால உக்காந்து மாட்டினேன். அவ கீழ மண்டி போட்டு உக்காந்து, ஷூ முனைல தன் கட்டைவிரல வெச்சு அமுக்கினா.

"எடம் இருக்கே"ன்னு ஆச்சரியமா என்னப் பாத்தா.

"அதான் சொன்னேன்ல, பாஸ்."

ஒரு நிமிஷம் என் மொகத்தையே பாத்தா. அப்புறம் எழுந்து நின்னு, இடுப்புல கைய வெச்சா.

"ப்பா. எழுந்து நில்லு."